மெஷினுக்கு அட்வான்ஸ் கட்டுமுன் நீங்கள் யாரிடம் போய்க் கேட்டீர்கள்?

வாழப்பாடிக்காரன்:
பாக்குமட்டைத் தட்டு மெஷின், மட்டையை அழுத்தித் தட்டாக்கும் அச்சான டை இரண்டு. மறுநாள் அட்வான்ஸ் கட்டக் கிளம்ப இருந்தேன். அதற்குள் சமையல் காண்ட்ராக்டர், டிஸ்போசபிள் கடை என்று பதினோரு பேரைப் பார்த்தாயிற்று. "தட்டு போட்டா எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "கொண்டு வாங்க தம்பி, பார்க்கலாம்" என்றார்கள். நோட்டில் பதினோரு டிக்.

பன்னிரண்டாவது ஆள் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் இருந்தார். மெஷின்காரர் கொடுத்த 12 இஞ்ச் சாம்பிளை வாங்கிப் பழைய பேப்பர் மேல் வைத்தார். கொதிக்கிற ரசத்தை ஒரு கரண்டி ஊற்றினார். அப்புறம் என்னை மறந்துவிட்டுப் பூசணிக்காய் ஏன் வரவில்லை என்று போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கால் மணி கழித்துத் தட்டைத் தூக்கினால் பேப்பரில் வளையல் மாதிரி ஈரம். "இது யார் வேட்டியில போயிருக்கும் தம்பி?" என்றார்.

பிறகு அவராகவே பில் புக்கைப் புரட்டினார். முந்தைய மாதம் 10 இஞ்ச் 600, நாலு இஞ்ச் கிண்ணம் 2,000. பன்னிரண்டு இஞ்ச் ஒன்றுகூட இல்லை. "பந்திக்கு வாழை இலை. ரிசப்ஷன் டிபனுக்குத்தான் தட்டு, அல்வாவுக்குக் கிண்ணம். பணம் 45 நாள் கழிச்சு." நான் வாங்க இருந்த இரண்டு டையுமே 12 இஞ்ச். அந்த ஈர வளையம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கரூர் அக்கா:
எனக்கும் இதேதான். ஆனால் நான் பேப்பர் கவர். மெடிக்கல் ஷாப், பேக்கரி என்று ஒரு தெருவையே சுற்றினேன். நான் ஒரு கவருக்கு இத்தனை பைசா என்று கணக்கு எழுதிக்கொண்டு போனால், கடைக்காரர் தராசை எடுத்து வைத்துக் "கிலோ என்ன விலை?" என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கே கவரை எடைக்குத்தான் வாங்குகிறார்கள். ஜவுளிக்கடைக்காரரோ விலையே கேட்கவில்லை, "எங்க பேர் அடிச்சுத் தருவியா?" என்று மட்டும் கேட்டார். தம்பி, நீங்களும் தட்டில் மண்டபம் பேர் அடித்துப் பாருங்களேன்.

நாமக்கல் நண்பன்:
அக்கா, சாப்பிடுகிற தட்டில் பேரா! வாழப்பாடி அண்ணன் வீணாகப் பயப்படுகிறார். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தட்டுக்குத் தடை வந்ததிலிருந்து எல்லோருக்கும் மட்டைத் தட்டுதான் வேண்டும். போட்டதெல்லாம் விற்கும்.

மட்டை வியாபாரி:
போட்டதெல்லாம் விற்கும் என்றால் எங்கள் ஊரில் மூன்று மெஷின் ஏன் சாக்குப் போர்த்தி நிற்கிறது? தடை வந்தது நிஜம். ஆனால் அந்த இடத்தில் ஒரு பங்கைப் பாலித்தீன் பூசாத பேப்பர் தட்டும் கரும்புச் சக்கைத் தட்டும் பிடித்துக்கொண்டன.

வாழப்பாடித் தம்பி, ரசம் கசிந்ததற்கு மெஷினைக் குறை சொல்லாதீர்கள். அது ஊறாத மட்டை. காய்ந்த மட்டையைச் சரியாக ஊறவைக்காமல் டையில் வைத்தால், விளிம்பு மடங்குகிற இடத்தில் நார் வாக்கிலேயே கீறல் விழும். தட்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசி முனை மாதிரி வெளிச்சம் தெரியும். ஊறியபின் தண்ணீரை வடியவிடாமல் அழுத்தினாலும் வம்புதான். அன்றைக்குத் தட்டு பளபளக்கும். கட்டி வைத்த நாலாம் நாள் நடுவில் பூஞ்சை பிடிக்கும். நான் ஒரு கட்டு அப்படித் திரும்பி வாங்கியிருக்கிறேன், கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

டை விஷயத்தில் அந்தச் சமையல்காரர் சொன்னது சரி. 12 இஞ்ச் தட்டுக்கு அகலமான மட்டை வேண்டும், எல்லா மட்டையும் அப்படி வராது. 10 இஞ்ச் ஒன்று எடுத்து மிச்சத்தில் கிண்ணம் எடுத்தால்தான் மட்டைக் காசு தேறும். மட்டையையும் கோடையில் வாங்கிப் போட வேண்டும். மழையில் நனைந்தது கறுத்துவிடும், கறுத்த தட்டைக் கல்யாண வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். ஆக, தட்டு விற்குமுன்பே ஆறு மாத மட்டைக்குப் பணம் போயிருக்கும். அதோடு அந்த 45 நாளையும் கூட்டிக்கொள்ளுங்கள். "வாங்குவீங்களா" என்று கேட்காமல், "இப்போ யார்கிட்ட வாங்குறீங்க, கடைசிக் கட்டு எப்போ, என்ன விலை" என்று கேளுங்கள். பழைய பில் காட்டாதவரை வாங்குபவராகவே எண்ணாதீர்கள்.

நாமக்கல் நண்பன்:
மெஷின் விற்பவரே தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதித் தருகிறாரே, அப்புறம் எதற்கு இவ்வளவு அலைச்சல்?

மட்டை வியாபாரி:
அந்தத் தாளில் என்ன தரம், என்ன விலை, மாதம் எத்தனை என்று இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

வாழப்பாடிக்காரன்:
என்னிடம் இருக்கும் தாளில் "தரம் சரியாக இருந்தால்" என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பதினோரு பேரையும் மறுபடி போய்ப் பார்த்தேன். இரண்டு பேர் பில் காட்டினார்கள், இரண்டும் சேர்த்து மாதம் 3,000 கிண்ணம் வரும். மெஷின் நாலைந்து நாளில் போட்டுவிடும். மீதி நாள் என்ன செய்வது என்று தெரியவில்லை. அட்வான்ஸ் இன்னும் கையில்தான் இருக்கிறது. கரூர் அக்கா, நீங்கள் கிலோ என்ன விலைக்குக் கொடுத்தீர்கள்?