புதுப்பிப்பு: புதன்கிழமையோடு நின்றுபோகும் வாரத் திட்டம்

முன்பு நான் கேட்டது: “கோத்தகிரியில் என்னிடம் டியூஷன் வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாரத் திட்டத்தைப் புதன்கிழமைக்குள் கைவிடுகிறார்கள். என்ன செய்ய?”

ஆறு வாரம் ஆயிற்று. பிள்ளைகளிடமிருந்து செல்போனை வாங்கி வையுங்கள் என்றார் ஒருவர், பாதி சரி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னதுதான் வேலை செய்தது: நினைத்த நேரத்துக்குப் பக்கத்திலேயே ஆன நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு மாணவி முக்கோணவியல் பயிற்சிக்கு 30 நிமிடம் போட்டிருந்தாள், ஆனது 55. வாரம் எப்படிப் போனது என்று ஞாயிறு மாலை எழுதும் மூன்று வரியில் காரணம் வந்தது: “சூத்திரம் தேடியே 20 நிமிடம் போச்சு.” மறுவாரம் சூத்திரங்களை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள், அதே அளவு கணக்கு 40-இல் முடிந்தது.

வியாழன் மாலையைக் காலியாக விடுகிறோம், மிச்சம் விழுவதெல்லாம் அங்கே போகும். மழையில் பஸ் தாமதமானால் அதுவும் போதவில்லை. இரண்டு பையன்கள் ஆன நேரம் மொத்தத்தையும் ஞாயிறன்று கற்பனையாக நிரப்புகிறார்கள். எல்லாமே 30, 60 என்றிருந்தால் தெரிந்துவிடாதா? அவர்களுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.