கலைச்சொல் வேண்டும்: இடைவெளிப்பட்டையில் விரலை ஓட்டி நிலைகாட்டியை நகர்த்துவது

ரஞ்சனி, வெள்ளவத்தை:

வணக்கம். ஒரு விசைப்பலகைச் செயலியின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்குகிறோம். இரண்டு வரிகளில் சிக்கி நிற்கிறேன். முதலாவது, இடைவெளிப்பட்டையில் விரலை இடம் வலமாக ஓட்டினால் நிலைகாட்டி எழுத்து எழுத்தாக நகரும் வசதி. இரண்டாவது, அதே போக்கில் சொல்லையோ வரியையோ தெரிவு செய்வது. ஆங்கிலத்தில் இதை ஒரு வாக்கியமாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு இரண்டு சொல்லுக்கு மேல் போகாத பெயர் வேண்டும், நீண்டால் சின்னத் திரையில் வரி உடைந்துவிடும். "சுட்டி" வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுட்டி என்றால் மௌஸ்.

நௌசாத், தெமட்டகொட:

"தடவல்" என்று வையுங்கள் அக்கா. ஐபோனிலும் அண்ட்ராய்டிலும் விரல் செய்யும் வேலை ஒன்றுதான், பட்டையைத் தடவுகிறோம், நிலைகாட்டி போகிறது. "பட்டைத்தடவல்" என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

மிதுரன், கொட்டாஞ்சேனை:

என்னுடைய போனில் இடைவெளிப்பட்டையை அமத்தினால் இடைவெளி வராது, மொழிப் பட்டியல்தான் வரும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் போட்டு வைத்திருக்கிறேன். இது பழுதா? பட்டையை எப்படிச் சரிசெய்வது?

குகன், பம்பலப்பிட்டி:

மிதுரன் தம்பி, அது பழுதில்லை. நீங்கள் கேட்டது வேறு கேள்வி என்றாலும், ரஞ்சனியின் சொல்லுக்கு அதிலேதான் விடை இருக்கிறது.

இந்த ஒரே பட்டைக்கு மூன்று வேலைகள் கட்டியிருக்கிறார்கள். தட்டினால் இடைவெளி. பிடித்து வைத்தால் சில விசைப்பலகைகளில் மொழிப் பட்டியல், சிலவற்றில் நிலைகாட்டி. ஓட்டினால் சிலவற்றில் நிலைகாட்டி, சிலவற்றில் மொழி மாற்றம். கொழும்பில் பலருடைய போனில் மூன்று மொழி இருப்பதால் இந்த மோதல் இங்கே தெளிவாகத் தெரியும். ஒரு மொழி மட்டும் வைத்திருப்பவருக்கு இது கண்ணிலேயே படாது.

ஜீபோர்டில் விரலை வைத்த கையோடு ஓட்ட வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் தம்பிக்கு வந்த பட்டியல்தான் வரும். ஓட்டியும் நகராவிட்டால், அமைப்புகளில் Glide typing பக்கத்துக்குப் போய் Enable gesture cursor control இயங்குகிறதா என்று பாருங்கள். ஐபோனில் இதற்கு நேர் எதிர். முதலில் பிடித்து வைக்க வேண்டும், விசைகளின் எழுத்துகள் மறைந்து பலகை வெறுமையாகும், பிறகு விரலை எந்தப் பக்கமும் கொண்டு போகலாம். மேல் வரிக்கும் ஏறலாம். ஜீபோர்டில் பட்டையில் இடமும் வலமும் மட்டும்தான். சாம்சங் விசைப்பலகையில் மொழியை மாற்றவே பட்டையில் விரலை ஓட்டுமாறு வைக்கலாம். அப்படி வைத்திருந்தால், பிடித்து வைப்பதற்கு நிலைகாட்டி வேலையைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆகவே நௌசாத் சொன்ன "விரல் செய்யும் வேலை ஒன்றுதான்" என்பது பாதிதான் சரி. ஒன்றில் ஓட்டம், மற்றதில் பிடித்து இழுப்பு. விரலின் செயலை வைத்துப் பெயரிட்டால் ஒரு போனுக்குப் பொருந்துவது அடுத்த போனுக்குப் பொருந்தாது. நிலைகாட்டிக்கு என்ன நடக்கிறதோ அதை வைத்துப் பெயரிடுவோம். என் முன்மொழிவு "நிலைகாட்டி அரக்கல்". "கொஞ்சம் அரக்கி வையுங்கோ" என்று நாம் சொல்வதில் இருக்கும் அரக்கு. ஒரு பொருளை முழுதாக எடுத்து வேறிடத்தில் வைப்பதில்லை, இருந்த இடத்திலிருந்து சிறிது தள்ளுவது. இந்த வசதி செய்வதும் அதுதான்.

நௌசாத்:

குகன் அண்ணா, விரலைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சென்னையில் அரக்கு என்றால் முத்திரை வைக்கும் அரக்குதான் நினைவுக்கு வரும். "எழுத்துநகர்வு" எப்படி? ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்துத்தானே நகர்கிறது.

குகன்:

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. "கொளும்பு" என்று தவறாக அடித்துவிட்டோம், ளுவை ழு ஆக்க வேண்டும் என்று வைப்போம். நிலைகாட்டி சொல்லின் முடிவில் நிற்கிறது. பட்டையில் இடப்பக்கம் இரண்டு படி: பு தாண்டும், ம் தாண்டும், ளுவுக்குப் பின்னால் நிற்கும். இதுவரை நம் எழுத்துக் கணக்கும் அதன் கணக்கும் ஒன்று. இனி அழிவிசையை ஒரு தடவை தட்டினால் ளு முழுதாகப் போகாது, உகரக் குறி மட்டும் கழன்று "கொளம்பு" என்று நிற்கும். இரண்டாவது தட்டில்தான் ள போகும். பிறகு ழு அடிக்கலாம். நகர்வது முழு எழுத்தாக, அழிவது குறியீடு குறியீடாக. இதைத் தெரியாதவர் ஒரு தட்டோடு நிறுத்தி ழு அடிப்பார், "கொளழும்பு" வரும்.

இது நமக்கு உதவியாகவும் இருக்கிறது. கொ என்பதைக் கோ ஆக்க, அதன் பின்னால் நிறுத்தி ஒரே தட்டில் குறியை மட்டும் நீக்கி நெடிலைப் போட்டால் போதும், ககரம் அப்படியே இருக்கும்.

"ஸ்ரீலங்கா"வில்தான் கணக்கு பிசகும். கண்ணுக்கு ஸ்ரீ ஓர் எழுத்து. உள்ளே ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு குறியீடுகள். சில செயலிகள் அதை ஒரே படியில் தாண்டும், சில ஸ் என்பதற்கும் ரீ என்பதற்கும் நடுவில் ஒரு தரம் நிற்கும். எழுத்தின் வயிற்றுக்குள் நிலைகாட்டிக் கோடு தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அங்கே இடைவெளி போட்டால் வடிவம் உடைந்து "ஸ் ரீ" ஆகிவிடும். ஆகவே "எழுத்து" என்று பெயரிலேயே வாக்குக் கொடுக்க வேண்டாம்.

ரஞ்சனி:

பெயரில் எழுத்து வேண்டாம் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. தெரிவு செய்வதற்கு என்ன சொல்வது? "தேர்வு" வேண்டாம் என்று நினைக்கிறேன்.

குகன்:

தெரிவுதான். இந்தியாவில் தேர்வு என்பது பரீட்சையும் ஆகும், தெரிவில் அந்தக் குழப்பம் இல்லை. ஐபோனில் முதல் விரல் பட்டையைப் பிடித்தபடியே இருக்க, இரண்டாம் விரலைப் பலகையில் பிடித்து வைத்து, முதல் விரலை நகர்த்தினால் தெரிவு நீளும். இதை "தெரிவு நீட்டல்" எனலாம். ஜீபோர்டில் எழுத்துத் திருத்தப் பலகை என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் நடுவிலுள்ள தெரிவு விசையைத் தட்டிவிட்டு அம்புகளால் நீட்ட வேண்டும்.

இரண்டும் இல்லாமல் சொல்லை இருமுறை தட்டிப் பிடியை இழுப்பவர்களுக்கு ஒன்று: அண்ட்ராய்டில் பிடியை வெளிப்பக்கம் இழுத்தால் சொல் சொல்லாகத் தாவும், உள்பக்கம் திருப்பினால்தான் எழுத்து எழுத்தாகச் சுருங்கும். அதனால் "கொழும்புக்குப்போனார்" என்று ஒட்டி அடித்ததில் "போனார்" மட்டும் வேண்டுமென்றால், முழுச் சொல்லையும் தெரிவு செய்து, இடது பிடியை வலப்பக்கம் சுருக்கிக் கொண்டு வாருங்கள்.

மிதுரன்:

தாமதிக்காமல் ஓட்டிப் பார்த்தேன், வேலை செய்கிறது. எனக்கு அரக்கல் பிடித்திருக்கிறது. அம்மம்மா சொல்லும் சொல், போனில் கண்டால் உடனே விளங்கும்.

நௌசாத்:

தெரிவு நீட்டலுக்குச் சம்மதம். அரக்கலுக்கு இல்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது, "தள்ளி வை" என்றுதான் சொல்வோம்.

ரஞ்சனி:

இப்போதைக்கு அமைப்புப் பக்கத்தில் "நிலைகாட்டி நகர்த்தல்", "தெரிவு நீட்டல்" என்று போடுகிறேன். தலைப்பின் கீழ் விளக்க வரியில் "இடைவெளிப்பட்டையில் விரலை வைத்தவுடன் ஓட்டுங்கள், பிடித்து வைத்தால் மொழிப் பட்டியல் வரும்" என்று எழுதுகிறேன், எங்கள் செயலியின் நடத்தை அதுதான். குகன் அண்ணா, அரக்கலைக் கைவிடவில்லை. மட்டக்களப்பிலும் மலையகத்திலும் அந்தச் சொல் எப்படிக் கேட்கிறது என்று அங்குள்ளவர்கள் எழுதினால், அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எடுப்போம்.