புதுப்பிப்பு: கேப்ஷனைச் சுருக்கினால் கடைசி நாள் காணாமல் போகிறது

போன வாரம் நான் கேட்டது: “பழைய பாடப்புத்தகச் சேகரிப்புக்கு எழுதிய கேப்ஷனை எக்ஸுக்கு வெட்டினால் கடைசி நாள் போய்விடுகிறது. என்ன செய்வது?”

சரியாகிவிட்டது. ஒருவர் “280 எழுத்து தாராளம்” என்றார். பாதி உண்மை. தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ‘புத்தகம்’ நமக்கு 5 எழுத்து, எக்ஸுக்கு 8. இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23. நான் முட்டிக்கொண்டது இங்கேதான்.

விளம்பர வேலையில் இருக்கும் அக்கா சொன்னது: வெட்டாதே, முதலில் போகக்கூடாததை எழுதி வை. எனக்கு மூன்று வந்தன: பாடப்புத்தகம், ஞாயிறு, பதிவு இணைப்பு. இவற்றை வைத்து ஒவ்வொரு தளத்துக்கும் புதிதாக எழுதினேன்.

எக்ஸ்: “பழைய பாடப்புத்தகம் சும்மா கிடக்கிறதா? ஞாயிறுக்குள் கொடுங்கள்.” அப்புறம் இணைப்பு.

இன்ஸ்டாகிராமில் 2,200 வரை இடமுண்டு, ஆனால் முதல் ஓரிரு வரிக்குப் பிறகு மடங்கிவிடும். என் பழைய கேப்ஷனில் ‘ஞாயிறு’ நான்காவது வரி! இப்போது முதல் வரியே: “ஞாயிறு கடைசி நாள்: உங்கள் பழைய பாடப்புத்தகம் ஒரு மாணவருக்கு வேண்டும்.” கேப்ஷனில் இணைப்பை அழுத்த முடியாது என்பதால் ‘பதிவு இணைப்பு பயோவில்’.

லிங்க்ட்இனில் ‘சும்மா கிடக்கிறதா’ ஒட்டவில்லை. ‘உங்கள் அலுவலகத்தில் ஒரு பெட்டி வைக்க முடியுமா?’ என்று மாற்றினேன். அக்காவுக்கு அது வேறு கோரிக்கையாகிவிட்டதாகத் தோன்றுகிறது. எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான்.

ரீல்ஸ் வசன வரி பற்றிக் கேட்ட தம்பி, அது வேறு கதை, தனி இழை போடுங்கள்.