உதவி: ரிலே வைத்த ஃபேன் ரெகுலேட்டர், ஆஃப் செய்தாலும் ஃபேன் நிற்கவில்லை

கார்த்தி_சேலம்
சீலிங் ஃபேனுக்கு நானே ரெகுலேட்டர் செய்தேன். ESP8266, ரிலே போர்டு, கெப்பாசிட்டர். இரண்டு வாரம் அருமையாக ஓடியது. இப்போது ஆஃப் கொடுத்தாலும் ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்ன காரணம்? அவசரம், அம்மா திட்டுகிறார்.

வயர்மேன்_மணி
என்ன கெப்பாசிட்டர்? எத்தனை ரிலே? எதிலிருந்து எதற்கு வயர் போகிறது? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

நளினி_எலக்ட்ரானிக்ஸ்
ஆஃபில் இருக்கும்போது ரிலே போர்டில் எல்.ஈ.டி. எரிகிறதா தம்பி?

கார்த்தி_சேலம்
மன்னிக்கவும். பழைய ரெகுலேட்டரில் இருந்து எடுத்த மூன்று கால் கெப்பாசிட்டர், 2.2 + 3.3. முதல் வேகம் 2.2, இரண்டாவது 3.3, மூன்றாவது இரண்டும் சேர்ந்து, நான்காவது நேரடி. மூன்று ரிலே. எல்.ஈ.டி. எதுவும் எரியவில்லை. இரண்டாவது ரிலேயை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் 'டிக்' என்று விட்டுவிடுகிறது, ஃபேன் நிற்கிறது.

பவர்_பாண்டி
10 ஆம்பியர் என்று போட்ட நீல ரிலே எல்லாம் டுபாக்கூர். ஃபேன் மோட்டார் லோடு வேறு. 30 ஆம்பியர் ரிலே போடுங்கள், வேலை முடிந்தது.

ஜெயா_கோவை
எனக்கும் இதே பிரச்சினைதான். டிம்மர் போட்டேன், ஃபேன் உர்ர்ர் என்று உறுமுகிறது. தூங்கவே முடியவில்லை.

வயர்மேன்_மணி
உங்களுடையது டிரையாக் மேடம், வேறு கதை. இதைப் பற்றி ஏற்கெனவே நூறு இழை இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் தேடிப் பார்ப்பதே இல்லை. இருபது ரூபாய் கெப்பாசிட்டரை மெயினில் மாட்டிவிட்டு இன்ஜினியர் என்கிறார்கள்.

நளினி_எலக்ட்ரானிக்ஸ்
தட்டினால் விடுகிறது என்றால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது. பாண்டி சொல்கிற மாதிரி ரிலே மட்டமாகவும் இருக்கலாம், ஆனால் சீலிங் ஃபேன் இழுப்பது அரை ஆம்பியர்கூட இல்லை. ஒட்ட வைத்தது ஃபேன் அல்ல, கெப்பாசிட்டர். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும் கோடைப் போடுங்கள்.

கார்த்தி_சேலம்
```
if (s == 4) {
  digitalWrite(R4, LOW);
  digitalWrite(R1, HIGH);
  digitalWrite(R2, HIGH);
}
```
LOW கொடுத்தால் ரிலே ஆன்.

நளினி_எலக்ட்ரானிக்ஸ்
அதேதான். R1, R2 விடுவதற்கு முன்பே R4 பிடித்துவிட வாய்ப்பு இருக்கிறது. அந்தக் கணத்தில் கெப்பாசிட்டரின் இரண்டு முனையும் காண்டாக்ட் வழியாக ஷார்ட். ஃபேன் காயில் அந்தச் சுற்றுக்குள்ளேயே இல்லை, தடுக்க ஆள் கிடையாது. 250 வோல்ட் வரை ஏறியிருந்த கெப்பாசிட்டர் மொத்தத்தையும் ஒரே அடியாகக் கொட்டும். சில மைக்ரோசெகண்டுதான், ஆனால் நூறு ஆம்பியரைத் தாண்டும். ஒவ்வொரு முறையும் காண்டாக்டில் ஒரு பொட்டு உருகும். ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். 30 ஆம்பியர் போட்டால் அந்த நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

முதலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 200 மில்லிசெகண்டு கழித்துப் புதியதைப் போடுங்கள். இறக்கை சுற்றுகிற வேகத்தில் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது.
```
digitalWrite(R1, HIGH);
digitalWrite(R2, HIGH);
digitalWrite(R4, HIGH);
delay(200);
```
கோடை மட்டும் நம்பாதீர்கள். R4-இன் நடு முனைக்கு லைன் கொடுத்து, அதன் NO-வை ஃபேனுக்கும் NC-யை R1, R2 பக்கமும் விடுங்கள். நேரடி வந்தால் கெப்பாசிட்டர் பக்கம் லைன் தானாகக் கழன்றுவிடும்.

பவர்_பாண்டி
அப்படியானால் மூன்றாவது வேகத்தில் R1, R2 இரண்டும் ஒன்றாகத்தானே பிடிக்கின்றன? அதில் பிரச்சினை இல்லையே?

நளினி_எலக்ட்ரானிக்ஸ்
நல்ல கேள்வி. எந்த இரண்டு ரிலேயும் ஒரே கணத்தில் பிடிக்காது. முதலில் பிடித்த கெப்பாசிட்டர் ஏறியிருக்கும், அடுத்தது காலியாக வந்து பக்கத்தில் சேரும், ஒன்று மற்றொன்றுக்குள் பாயும். அதனால்தான் கடை ரெகுலேட்டரில் ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் தொடரில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். 10 ஓம், 2 வாட் போடுங்கள். கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220k ஒன்று. அது இல்லாவிட்டால் மெயினை அணைத்த பிறகும் தொட்டால் அடிக்கும். பழைய ரெகுலேட்டர் போர்டில் இவை இருந்தனவா?

கார்த்தி_சேலம்
இருந்தன. தேவையில்லை என்று வெட்டி எறிந்துவிட்டேன் 😬

வயர்மேன்_மணி
சொன்னேன் இல்லையா.

ஜெயா_கோவை
கெப்பாசிட்டர் வைத்தால் கரண்ட் மிச்சமாகுமா?

பவர்_பாண்டி
பழைய பெட்டி ரெகுலேட்டர் அளவுக்குச் சூடாகி வீணாகாது. ஆனால் உண்மையான மிச்சம் வேண்டுமென்றால் பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குங்கள்.

வயர்மேன்_மணி
பி.எல்.டி.சி. போர்டு போனால் யார் ரிப்பேர் செய்வது? என் வீட்டில் முப்பது வருஷத்து ஃபேன், இரண்டு முறை பேரிங் மாற்றியதோடு சரி.

பவர்_பாண்டி
அந்த ஃபேன் தின்கிற கரண்டுக்கு மூன்று புது ஃபேன் ஓட்டலாம் அண்ணே.

வயர்மேன்_மணி
ஓட்டுங்கள், யார் வேண்டாம் என்றது.

கார்த்தி_சேலம்
பத்து நாள் ஆயிற்று. R2 ரிலேயை மாற்றி, வயரிங்கும் கோடும் மாற்றி, 10 ஓம் போட்டேன். ஒட்டவில்லை. நன்றி அக்கா. ஆனால் முதல் வேகத்தில் ஃபேன் தானாகக் கிளம்பவில்லை, கையால் தள்ளினால் ஓடுகிறது. முன்பு கிளம்பியதா என்று நினைவில்லை.

நளினி_எலக்ட்ரானிக்ஸ்
ஃபேன் கப்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டரை அளந்து பாருங்கள், 2.5 என்று போட்டிருந்தால் எவ்வளவு காட்டுகிறது? அளப்பதற்கு முன் மெயினை அணைத்து, அதன் முனைகளை ஒரு ரெசிஸ்டரால் இறக்கிவிடுங்கள்.

ஜெயா_கோவை
கார்த்தி, அளந்தீர்களா? எங்கள் வீட்டிலும் ஒன்றில் நின்றுவிடுகிறது.