டம்ளர் தண்ணீரில் தெரிந்த நோய்: நெல் வயல் ஆய்வு அனுபவங்கள்

விரிவாக்க அலுவலர்:
தூர் கட்டி முடிந்த நெல். இலை நுனியிலிருந்து ஓரமாக மஞ்சள் இறங்கி, உள்பக்கம் அலை அலையாக நெளிந்து, நுனி வைக்கோல் நிறமாகக் காய்ந்திருந்தது. குலைநோய் என்று கடையில் சொல்ல, இரண்டு தடவை மருந்து அடித்துவிட்டார் விவசாயி. பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் ஒரு துண்டு நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தினேன். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல ஓர் இழை கீழே இறங்கியது. பாக்டீரியா இலைக்கருகல். அவர் டம்ளரையே பார்த்தபடி, "அப்ப நான் அடிச்சது பூஞ்சாணத்துக்கா சார்?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

மேலுர யூரியாவை நிறுத்தச் சொன்னேன். தண்ணீரை வடித்து, இனிமேல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டச் சொன்னேன். நோய் நின்ற எல்லையில் குச்சி நட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது குச்சிக்கு வெளியே புதுக் கருகல் குறைவு. ஆனால் அவர் வடித்த தண்ணீர் பாய்ந்த கீழ்வயலில் மஞ்சள் தொடங்கியிருந்தது. கீழ்வயல்காரர் என்னிடம் பேசவே இல்லை.

மடைக்காரன்:
இது சாம்பல் சத்துக் குறைவு சார். எங்க வயலிலும் இலை ஓரம் இப்படித்தான் காய்ந்தது, பொட்டாஷ் போட்டதும் நின்றது.

விரிவாக்க அலுவலர்:
ஓரம் காய்வது இரண்டிலும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சத்துக் குறைவு அடி இலையில் தொடங்கும், தண்ணீரில் பால் இறங்காது. பொட்டாஷ் பயிருக்குத் தாங்கும் சக்தி தரும். வந்த பாக்டீரியாவைக் கொல்லாது.

நாற்றங்கால் விவசாயி:
என் நாற்று நட்ட கொஞ்ச நாளில் குருத்தோடு வாடிப்போச்சு. குருத்துப்பூச்சின்னு குருணை போட்டேன், கேட்கலை. இதுவும் அதுவா?

பழைய களப்பணியாளர்:
நடுக்குருத்தை இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்து, அடியில் கடித்த தடம் இருந்தால் குருத்துப்பூச்சி. வராமல் பிடித்துக்கொண்டு, அடித்தண்டை அமுக்கினால் மஞ்சளாகப் பிசின் கசிந்தால், இதே பாக்டீரியாதான். நடும்போது நாற்று நுனியைக் கிள்ளினீர்களா? கிள்ளிய காயம் வழியாக அது சுலபமாக உள்ளே போகும். அடுத்த போகத்தில் கிள்ளாமல் நடுங்கள், யூரியாவை மூன்று நான்கு தவணையாகப் பிரித்துப் போடுங்கள். பனி காயுமுன் அந்த வயலில் நடந்துவிட்டு, அதே ஈரக் காலோடு அடுத்த வயலுக்குப் போகாதீர்கள்.

அலுவலர் தம்பிக்கு ஒன்று. வடிக்கச் சொன்னது சரி, எங்கே வடிப்பது என்றும் பார்த்திருக்க வேண்டும். கீழே வயல் இருந்தால் நேரே வடிகாலுக்குத் திருப்ப வேண்டும்.

விரிவாக்க அலுவலர்:
அந்த இடத்தில் வடிகாலே இல்லை ஐயா. எல்லாம் வயல் விட்டு வயல் பாயும் தண்ணீர். அப்படி இருக்கிற இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?