நூறு பெட்டி திறந்தும் ஒரு நீலக்கல் இல்லை: கோளாறு எங்கே?

ஹட்டன் பட்டறை:
நானும் தம்பியும் ஒரு மொபைல் கேம் செய்கிறோம். காட்டுக்குள் கிடைக்கும் பெட்டியைத் திறந்தால் 2% வாய்ப்பில் நீலக்கல் வரும். டியூஷன் வகுப்புப் பிள்ளைகள் 30 பேரிடம் கொடுத்து ஆளுக்கு 100 பெட்டி திறக்கச் சொன்னோம். மொத்தமாக எண்ணிப் பார்த்தால் கணக்கு சரி. ஆனால் பாதிப்பேர் "கஞ்சக் கேம்" என்கிறார்கள். கல்லை அதிகமாகக் கொடுக்கவா, வேறு எதையாவது மாற்றவா?

மூடுபனி93:
விகிதத்தில் கை வைக்காதீங்க. புறாவை வச்சு ஆராய்ச்சி பண்ணின உளவியல்காரங்க ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-லேயே இதை எழுதி முடிச்சாச்சு. சரியா 50 தடவை கொத்தினா தீனின்னு வச்சா, புறா தீனியைத் தின்னுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிக்கும். எத்தனையாவது கொத்துல வரும்னு தெரியாதபடி வச்சா நிக்காம கொத்திக்கிட்டே இருக்கும். உங்க 2% அந்த ரெண்டாவது வகை. அதைவிட விறுவிறுப்பான முறை கிடையாது. பிள்ளைங்க குறை சொல்றாங்கன்னு மாத்தினா கேம் செத்துடும்.

தலவாக்கலை நிரலர்:
புறா பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அந்தப் புறாவுக்குக் கிடைத்ததும் உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் ஒன்றல்ல. ஆய்வுக்கூடத்தில் மாறும் விகிதம் என்றால் முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு வரிசை. ஒருமுறை 5 கொத்தில், அடுத்து 80-இல், பிறகு 30-இல் என்று போகும். சராசரி 50, ஆனால் அந்த வரிசையில் மிக நீளமான இடைவெளி எவ்வளவு என்பதை ஆய்வாளரே முடிவு செய்திருப்பார். புறா எவ்வளவு துரதிர்ஷ்டம் பிடித்ததானாலும் அதற்கு மேல் காத்திருக்காது.

நீங்கள் வைத்திருப்பது ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்குவது. அதற்கு மேல் எல்லையே இல்லை. 0.98-ஐ 100 தடவை பெருக்கினால் 0.133 வரும். அதாவது 30 பேரில் நாலு பேர் 100 பெட்டி திறந்தும் ஒன்றும் கிடைக்காமல் எழுந்து போவார்கள். இது பிழை இல்லை, 2% என்றாலே அப்படித்தான். உங்கள் பதிவில் அப்படி எத்தனை பேர்?

ஹட்டன் பட்டறை:
5 பேர். ஒரு பையனுக்கு மட்டும் 5 கல் கிடைத்தது. அவன் கத்தின கத்தில் பக்கத்து வகுப்பு சேர் எட்டிப் பார்த்தார்.

தலவாக்கலை நிரலர்:
அப்படியென்றால் மற்ற 29 பேரும் அவனைப் பார்த்துத்தான் தங்கள் பங்கை அளந்திருப்பார்கள். சராசரியை யாரும் அனுபவிப்பதில்லை, தம்பி. ஒவ்வொருவரும் தன் வரிசையைத்தான் அனுபவிக்கிறார்கள்.

இன்னொன்று கேட்கிறேன். இந்த 100 பெட்டிக்கு முன்னால், விளையாடக் கற்றுக்கொடுக்கும் பகுதியில் பெட்டி இருந்ததா? அதில் என்ன வந்தது?

ஹட்டன் பட்டறை:
ஆமாண்ணே, இருந்தது. கல்லை வைத்துக் கத்தி செய்வது எப்படி என்று காட்ட வேண்டுமே, அதனால் முதல் 10 பெட்டியில் 2 கல் கட்டாயம் வரும்படி வைத்தோம். அதை 100-இல் சேர்க்கவில்லை.

தலவாக்கலை நிரலர்:
உங்கள் கோளாறில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. அஞ்சு பெட்டிக்கு ஒரு கல் என்று பழக்கிவிட்டு, ஒரே நாளில் அம்பது பெட்டிக்கு ஒன்று என்று ஆக்கிவிட்டீர்கள். ஆய்வுக்கூடத்திலும் விகிதத்தை இப்படித் திடீரென நீட்டினால் புறா கொத்துவதையே நிறுத்திவிடும். அதனால்தான் அவர்கள் படிப்படியாக நீட்டினார்கள். பிள்ளை 2% என்ற எண்ணைப் பார்க்கவில்லை. முதல் பத்துப் பெட்டியில் நீங்கள் கொடுத்த வாக்கைப் பார்த்தான். 11-ஆவது பெட்டியிலிருந்து அந்த வாக்கை மீறிக்கொண்டே இருக்கிறீர்கள்.

நரம்பியல் ஆய்வாளர் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் செல்களை அளந்தபோது கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது. எதிர்பார்க்காத சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் துடிக்கும். எதிர்பார்த்த சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்தக் கணத்தில் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். கிடைத்த அளவைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் துடிப்பு. உங்கள் பெட்டி திறக்கும்போது திரையில் என்ன நடக்கிறது?

ஹட்டன் பட்டறை:
மூன்று விநாடி குலுங்கும். இடுக்கு வழியாக நீல வெளிச்சம் கசியும். பிறகு மூடி திறக்கும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே காட்சிதான். தம்பி இரண்டு வாரம் இருந்து வரைந்தது.

தலவாக்கலை நிரலர்:
வரைந்தது வீண் போக வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுங்கள். நீல வெளிச்சம் கல் இருக்கும் பெட்டிக்கு மட்டும் வரட்டும். இப்போது 50 பெட்டியில் 49 தடவை கல் வருகிறது என்று காட்டிவிட்டு விறகுத்துண்டைக் கையில் கொடுக்கிறீர்கள்.

கொழுந்துக்கூடை:
எனக்குக் கேம் ஒண்ணும் தெரியாது, மகன் காட்டினான்னு படிச்சேன். ஆனா கஞ்சத்தனம்ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் எங்க அம்மா ஞாபகம் வந்துச்சு. அம்மா முப்பது வருசம் கொழுந்து பறிச்சவங்க. ஒரு நாளைக்கு இத்தனை கிலோன்னு கணக்கு, அது குறைஞ்சா அரைப்பேர், பாதிச் சம்பளந்தான். அதுக்கு மேல பறிச்சா கிலோவுக்குத் தனிக் காசு. ரேட்டு கம்மின்னு அம்மா புலம்பினது கொஞ்சந்தான். தராசு முள்ளைப் பார்க்க விடாம, "தண்ணிக் கழிவு"ன்னு மூணு நாலு கிலோவை வெட்டி எழுதுற நாள்லதான் வீட்டுக்கு வந்து சோறு திங்காம உக்காந்திருப்பாங்க. முள்ளைத் திருப்பிக் காட்டுற ஒரு கணக்கப்பிள்ளை வந்தாரு. அவரும் கழிவு வெட்டினாருதான். ஆனா அவரை யாரும் கஞ்சன்னு சொல்லல.

அந்தப் பிள்ளைங்களுக்கும் முள்ளைக் காட்டினா என்ன?

மூடுபனி93:
அக்கா, அது வேலை, இது விளையாட்டு. எத்தனையாவது பெட்டில வரும்னு காட்டிட்டா அது மறுபடி "50 கொத்தினா தீனி"தானே? கல்லு கிடைச்சதும் போனைக் கீழ வச்சிடுவாங்க.

ரீலோட் அப்பா:
நீங்க எல்லாரும் பெட்டியை எப்படி இன்னும் ருசியாக்கிறதுன்னு பேசுறீங்க. என் மூத்தவன் போன மாசம் ரீலோட் போட்ட காசு பூராவும் இந்த மாதிரிப் பெட்டியிலதான் விட்டான். "இன்னும் ஒண்ணுப்பா, இந்தவாட்டி வந்துடும்" அப்படீன்னான். பெல்ஜியத்துல 2018-லேயே காசு வாங்கிட்டு விக்கிற பெட்டியைச் சூதுன்னு சொல்லிட்டாங்க. இங்க அதை எப்படிச் செய்யலாம்னு வகுப்பு எடுக்கிறீங்க.

ஹட்டன் பட்டறை:
அண்ணே, எங்கள் கேமில் பெட்டியைக் காசுக்கு விற்கவில்லை. நடந்து தேடினால்தான் பெட்டி கிடைக்கும்.

தலவாக்கலை நிரலர்:
அண்ணன் கேட்டது வேறு கேள்வியாக இருந்தாலும், அதே கணக்குதான் அங்கும் ஓடுகிறது. நூறில் ஒன்றும் கிடைக்காத அந்த நாலு பேர், காசு கொடுத்துத் திறக்கும் கேமில் வெறும் சலிப்போடு எழுந்து போக மாட்டார்கள். அதுவரை போட்டதை விட மனமில்லாமல் மேலும் போடுவார்கள். "இந்தவாட்டி வந்துடும்" என்ற நம்பிக்கைக்குத் தனித்தனிக் குலுக்கலில் ஆதாரமே இல்லை. 99 தடவை வராமல் போனாலும் நூறாவதுக்கு அதே 2%தான். மகனிடம் இதைப் பகடை உருட்டிக் காட்டுங்கள். ஆறு விழாமல் பத்துத் தடவை போன பிறகும் பதினோராவதில் ஆறு விழும் வாய்ப்பு கூடுகிறதா என்று அவனையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி பட்டறைத் தம்பிக்கு. சராசரி 50-ஐ மாற்றாமல், ஒன்றும் கிடைக்காமல் நீண்டுகொண்டே போகும் அந்த வாலை வெட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, வாய்ப்பை 1.5% ஆகக் குறைத்து, தொடர்ந்து 91 பெட்டி வெறுமையாகப் போனால் 92-ஆவது பெட்டியில் கட்டாயம் கல் வைப்பது. கென்ஷின் இம்பாக்ட் கேம் செய்வதும் இந்த இனம்தான். அங்கே அடிப்படை வாய்ப்பு 0.6%, தொண்ணூறாவதில் கட்டாயம். இரண்டாவது வழி, டோட்டா 2 சில தாக்குதல்களுக்கு வைத்திருப்பது போல, ஒவ்வொரு வெறும் பெட்டிக்கும் வாய்ப்பைக் கொஞ்சம் ஏற்றுவது:

```
n += 1
if randf() < 0.00062 * n:
    give_gem()
    n = 0
```

இதிலும் சராசரி 50 பெட்டிதான். ஆனால் 100 பெட்டி தாண்டியும் கிடைக்காதவர்கள் நூற்றுக்கு நாலு பேர் மட்டும். உங்கள் 30 பேரில் ஒருவர். அவருக்கும் வாய்ப்பு பெட்டிக்குப் பெட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

மூடுபனி93:
இந்தக் கணக்கை நான் ஓட்டிப் பார்த்தேன். ஒண்ணை நீங்க சொல்லல. பழைய 2%-ல முதல் 10 பெட்டிக்குள்ள கல்லு கிடைக்கிறது நூத்துக்கு 18 பேருக்கு. உங்க ஏத்துற முறையில 3 பேருக்குத்தான். அதாவது அந்தப் பையன் கத்தினானே, அந்தக் கத்தலை வெட்டிட்டீங்க. பக்கத்து வகுப்பு சேர் எட்டிப் பார்த்தது எதுக்கு? எடுத்த எடுப்பிலேயே அள்ளினவனாலதான் மத்தவன் நாளைக்கும் கேமைத் திறப்பான்.

தலவாக்கலை நிரலர்:
நியாயமான அடி. ஒத்துக்கொள்கிறேன். வாலை வெட்டினால் தலையும் கொஞ்சம் போகிறது. 92-இல் கட்டாயம் வைக்கும் முறையில் முதல் பத்தில் 14 பேருக்குக் கிடைக்கும், அந்தக் கத்தல் பெரும்பாலும் மிஞ்சும். ஆனால் அதற்கும் விலை உண்டு. நாலில் ஒருவர் 92 வரை நடந்து போய்த்தான் கல்லை வாங்குவார். அந்தக் கல்லில் வியப்பு இல்லை, மாதக் கடைசியில் வரும் சம்பளம் மாதிரி. நான் முதலில் ஏறும் முறைதான் மேல் என்று நினைத்தேன். இப்போது உங்கள் கேமுக்குக் கட்டாய முறையே பொருந்தும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். ஒருவன் கத்துவது மற்றவனுக்குக் கேட்கிறது.

எண்ணிக்கையைக் காட்டுவதில் நான் அக்கா பக்கம். மூடுபனி தம்பி பயப்படும் இடைநிறுத்தம் வருமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் கடைசியாகப் பெட்டி திறந்தது எப்போது என்று பதிவு வைத்திருப்பீர்கள்தானே? நிறுத்தியவர்கள் கல் கிடைத்த உடனே நிறுத்தியிருந்தால் அவர் சொன்னது சரி. 60, 70 பெட்டி வெறுமையாகப் போன பிறகு நிறுத்தியிருந்தால் கோளாறு வாலில்.

மூடுபனி93:
எல்லாரையும் 100 திறக்கச் சொல்லிட்டாங்களே, அதுல யாரு எங்க நிறுத்துவாங்கன்னு எப்படித் தெரியும்?

ஹட்டன் பட்டறை:
உண்மைதான். அந்தப் பதிவு இதற்கு உதவாது. வரும் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் "வேண்டுமென்கிற வரை திறவுங்கள்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிறோம். 15 பேருக்கு 92-க்கு எத்தனை பாக்கி என்று மூலையில் எண் தெரியும், 15 பேருக்குத் தெரியாது. கற்றுக்கொடுக்கும் பகுதியில் கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டோம், ஒரு கிழவி கையில் கொடுப்பதாக மாற்றியிருக்கிறோம். வெளிச்சத்தை மாற்றத் தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை.

கொழுந்துக்கூடை:
எண் தெரியாத பக்கத்துல என் மகனைப் போடாதீங்க.