முறைக்கு முன்னரே முடிந்துவிடும் கட்டத்துக்கு என்ன சொல்? (பணிப்பதிவேடு தொடர்பாக)

கயல்விழி எழுதியது:

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சிறிய கணினி விளையாட்டுக்கான நிரலாக்கக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விளையாடுபவருக்குத் தரப்படும் குவெஸ்டைப் ‘பணி’ என்றும், அதன் கட்டங்களைப் ‘படி’ என்றும், திரையில் தெரியும் குவெஸ்ட் லாகைப் ‘பணிப்பதிவேடு’ என்றும் எழுதியாயிற்று. ஒரு படி தன் முறை வருமுன்னரே முடிந்துபோவதற்குத்தான் சொல் அகப்படவில்லை. இப்போதைக்கு ‘வரிசைபிறழ் நிறைவு’ என்று வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

எங்கள் விளையாட்டில் நேர்ந்தது இதுதான். ஊர்த்தலைவரிடம் பேசுவது 10ஆம் படி, கிணற்றில் கிடக்கும் சாவியை எடுப்பது 20, அச்சாவியால் களஞ்சியத்தைத் திறப்பது 30, திரும்பி வந்து தலைவரிடம் சொல்வது 40. சாவிப் படியின் நிரல் இப்படி இருந்தது:

```
def on_pickup(item):
    global stage
    if stage == 20 and item == "key":
        stage = 30
```

சோதித்துப் பார்த்த ஒருவர் தலைவரைச் சந்திக்குமுன்னரே கிணற்றில் இறங்கிச் சாவியை எடுத்துவிட்டார். அப்போது `stage` 0 ஆக இருந்ததால் நிரல் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு அவர் தலைவரிடம் பேசியதும் பதிவேடு ‘சாவியை எடு’ என்றது. சாவியோ அவருடைய பையிலேயே இருக்கிறது. கிணற்றில் வேறு சாவி இல்லை. பணி அங்கேயே நின்றுவிட்டது.

அந்தோணி எழுதியது:

வணக்கம். இது வலையமைப்பில் நாள்தோறும் காண்பதுதானே. பொட்டலங்கள் முறை மாறி வந்தால், வரிசை எண்ணைப் பார்த்து, முன்னே வரவேண்டியது வரும்வரை பின்னதைக் காக்க வைப்போம். எங்கள் அலுவலகத்தில் அதைப் ‘பிந்திய வரவு’ என்றே பேசிக்கொள்கிறோம். அதையே இங்கும் ஆளலாம் என்பது என் கருத்து.

முரளி எழுதியது:

சொல் இருக்கட்டும், கயல்விழி. ஒப்பீட்டை மாற்றினாலே சிக்கல் தீர்ந்துவிடும். சாவியை எடுத்தால் `stage = max(stage, 30)` என்று எழுதுங்கள். எண் ஏறுமே தவிர இறங்காது என்பதால் எந்தப் பணியும் நிற்காது. சிக்கலே இல்லாதபோது அதற்கொரு கலைச்சொல் எதற்கு?

நாச்சியார் எழுதியது:

முரளி சொல்வது பாதி சரி. எண் இறங்காது என்பது உண்மைதான். ஆனால் அது படிகளைத் தாண்டிக் குதிக்கும். சாவியை முதலில் எடுத்தவருக்கு எண் 30 ஆகிவிடும். ஊர்த்தலைவரின் முதற்பேச்சு `stage == 0` என்ற நிபந்தனையில் இருந்தால், அவர் இனி வாய் திறக்கவே மாட்டார். அந்தப் பேச்சின்போது அவர் தரும் விளக்கு இன்னொரு பணிக்குத் தேவை என்றால், முட்டுச்சந்து இந்தப் பணியிலிருந்து அந்தப் பணிக்கு இடம் மாறியிருக்குமே தவிர, மறைந்திராது. அதைக் கண்டுபிடிப்பதும் கடினம், ஏனெனில் கோளாறு தெரியும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு.

ஓர் எண் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாது என்பதே இதன் வேர். ‘எதுவரை வந்திருக்கிறோம்’ என்பது ஒன்று. ‘இன்ன படி முடிந்ததா’ என்பது மற்றொன்று. ஸ்கைரிம் விளையாட்டுக்கான Creation Kit கருவியில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சார்புகள் உள்ளன. முடிந்த படிகளுள் மிக உயர்ந்த எண்ணை `GetStage` தரும். குறிப்பிட்ட ஒரு படி முடிந்ததா என்பதை `GetStageDone` சொல்லும். முன்னதை மட்டும் நம்பி எழுதினால் முரளி சொன்ன வழிதான் வரும்.

நான் எண்ணைச் சேமிப்பதையே விட்டுவிட்டேன். நடந்தவற்றை மட்டும் ஒரு தொகுப்பில் சேர்த்துவிட்டு, பதிவேடு காட்டவேண்டிய படியை ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கணக்கிடுகிறேன்:

```
def current_step(steps, facts):
    for step in steps:
        if step.needs not in facts:
            return step
    return None
```

சாவியை எப்போது எடுத்தாலும் `facts.add("key_taken")` என்ற ஒரே வரிதான்; அங்கே படி எண்ணைக் கேட்பதே இல்லை. தலைவரிடம் பேசி முடித்ததும் மேற்கண்ட சார்பு சாவிப் படியைத் தானே கடந்து களஞ்சியப் படியில் வந்து நிற்கும்.

இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். ‘சாவி எடுக்கப்பட்டது’ என்பதற்குப் பதிலாக ‘சாவி பையில் இருக்கிறது’ என்று நிபந்தனை வைத்தேன். களஞ்சியத்தைத் திறந்ததும் சாவி பையிலிருந்து மறைவதாக வேறொருவர் எழுதியிருந்தார். கதவு திறந்த நொடியில் பதிவேடு பின்வாங்கி, மறுபடியும் ‘சாவியை எடு’ என்றது.

அந்தோணி அவர்களின் உவமை இதற்குப் பொருந்தவில்லை. பொட்டலங்கள் அனுப்பப்பட்ட வரிசையே சரியான வரிசை. வழியில்தான் அது கலைகிறது. இங்கோ விளையாடுபவர் செய்த வரிசைதான் நடந்த வரிசை. அதைக் காக்க வைக்க நாம் யார்?

சிவஞானம் எழுதியது:

எனக்கு நிரலாக்கம் தெரியாது. தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் நாச்சியார் அம்மையார் காட்டிய வேறுபாட்டைத் தமிழின் தொழிற்பெயர்களே தாங்கும் எனத் தோன்றுகிறது. ‘சாவியை எடுத்தமை’ இறந்தகாலம் காட்டுவது. அது ஒருமுறை நிகழ்ந்தபின் நிகழாததாகாது. ‘சாவியை வைத்திருத்தல்’ காலம் காட்டாதது. இன்று உண்டு, நாளை இல்லை. ஆகவே அம்மையாரின் தொகுப்பில் சேர்வனவற்றை ‘நிகழ்ந்தமை’ என்றும், மாறக்கூடியவற்றை ‘இருப்பு’ என்றும் வழங்கலாம்.

‘வரிசைபிறழ்’ என்பதை விட்டுவிடுங்கள். பிறழ்தல் என்றால் நெறி தவறுதல். கிணற்றில் முதலில் இறங்கியவர் எந்த நெறியும் தவறவில்லையே. ‘முந்துநிறைவு’ எனலாம், முந்து என்னும் வினையடி நிறைவோடு சேர்ந்த வினைத்தொகையாதலால் சொல்லும் சுருங்கும்.

முரளி எழுதியது:

குதித்துப்போகும் சிக்கலை ஒப்புக்கொள்கிறேன். பேச்சு நிபந்தனையை நான் எண்ணிப்பார்க்கவில்லை. ஆனால் ‘முந்துநிறைவு’ எல்லா இடத்திலும் பொருந்துமா? மூன்று மூலிகைகளை எந்த வரிசையிலும் பறிக்கலாம் என்ற படியில் எது எதை முந்துகிறது? அங்கே முறையே இல்லை.

நாச்சியார் எழுதியது:

அங்கே அந்தச் சொல் தேவைப்படாது, முரளி. மூன்று நிகழ்ந்தமைகளும் சேர்ந்தால் ஒரு படி நிறைகிறது, அவ்வளவே. எனினும் விளையாடுபவருக்கு நாம் காட்டும் வரிசையும், பணியே உண்மையில் வேண்டும் வரிசையும் வேறு வேறாக இருக்கும் இடங்கள் உண்டு. அவற்றுக்கு இச்சொல் போதாது என்பதை ஏற்கிறேன்.

எனக்கு உறுத்துவது ‘பணிப்பதிவேடு’தான். பதிவேடு என்றால் அதில் எழுதிவைக்கிறோம் என்றே புதியவர் நினைப்பார். பிறகு படி எண்ணை அங்கே சேமிக்கத் தொடங்குவார். திரையில் தெரிவது கணக்கிட்டுக் காட்டுவது மட்டும் என்பதால் ‘பணிப்பலகை’ என்று வைத்தால் நல்லது.

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ‘நிகழ்ந்தமை’, ‘முந்துநிறைவு’ இரண்டையும் கையேட்டில் சேர்த்துவிட்டேன். ‘பணிப்பலகை’ குறித்து எங்கள் குழுவில் இன்னும் உடன்பாடு இல்லை; பலகை என்றதும் ஊர் நடுவே வேலை ஒட்டிவைக்கும் பலகை நினைவுக்கு வருகிறது, எங்கள் விளையாட்டில் அப்படி ஒன்று உண்மையாகவே இருக்கிறது.

நாச்சியார் காட்டியபடி நிரலை மாற்றியதும், ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களின் பழைய சேமிப்புக் கோப்புகள் எஞ்சின. அவற்றில் `facts` தொகுப்பே கிடையாது. ஆகவே கோப்பைத் திறக்கும்போது, சாவி பையில் இருந்தாலோ களஞ்சியக் கதவு திறந்திருந்தாலோ `key_taken` சேரும்படியும், பழைய எண் 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் தலைவரிடம் பேசியமை சேரும்படியும் எழுதினேன். சோதித்தவரின் கோப்பு இப்போது களஞ்சியப் படியில் திறக்கிறது. ஆனால் ஆற்றோரத்து ஓடக்காரரிடம் பேசும் இடைப்பணியில் எந்த எண்ணும் இல்லை, பேச்சு எந்தத் தடயத்தையும் விட்டுச்செல்வதுமில்லை. அந்தப் பழைய கோப்புகளில் அவர் மறுபடியும் முதலிலிருந்து பேசட்டும் என்று விட்டிருக்கிறேன்.